ஒரே மதிப்பெண் பட்டியல், மூன்று விடைகள்: குலுக்கல் போடாத ஆய்வில் எந்தக் கணக்கை ஏற்பது?

பின்னங்களை எண்கோட்டின் மேல் வைத்துக் கற்பிக்கும் ஒரு புதிய முறை. ஒரு வகுப்புக்கு அந்த முறையில் பத்து வாரம் பாடம் நடந்தது, பக்கத்து வகுப்புக்கு வழக்கமான முறையில் நடந்தது. இரண்டு வகுப்புக்கும் தொடக்கத்தில் ஒரு முன்தேர்வு, முடிவில் ஒரு பின்தேர்வு, இரண்டும் நூற்றுக்கு. யார் எந்த வகுப்பில் என்பதற்குக் குலுக்கல் எதுவும் போடவில்லை. ஏற்கெனவே இருந்த வகுப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சராசரிகள் இவை:

| | முன்தேர்வு | பின்தேர்வு |
|---|---|---|
| புதிய முறை வகுப்பு (38 பேர்) | 48 | 62 |
| வழக்கமான முறை வகுப்பு (36 பேர்) | 56 | 66 |

கணக்குப் பார்க்க வசதியாக எண்களை நானே அமைத்திருக்கிறேன். ஆனால் இந்த வடிவத்தை ஆய்வேடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். குலுக்கல் இல்லாத இத்தகைய ஆய்வை அரைச்சோதனை ஆய்வு என்று சொல்லலாம். குவாசி எக்ஸ்பெரிமென்ட் என்றால் பலருக்கும் உடனே புரியும். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளித் தலைவர் கேட்பது ஒரே கேள்விதான்: “முறை வேலை செய்யுதா இல்லையா, அதைச் சொல்லுங்க சார்.”

பின்தேர்வை மட்டும் பார்த்தால் புதிய முறை வகுப்பு 4 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறது. ஒவ்வொரு வகுப்பும் எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் புதிய முறை வகுப்பு 14 ஏறியிருக்கிறது, மற்றது 10. அப்படியானால் புதிய முறை 4 மதிப்பெண் முன்னே. முன்தேர்வைக் கணக்கில் சேர்த்துச் சரிக்கட்டும் அன்கோவா முறையில் போட்டால், கொஞ்சம் பொறுங்கள், கீழே போட்டுக் காட்டுகிறேன், கிடைப்பது வெறும் 0.8. கழித்தல் 4, கூட்டல் 4, கிட்டத்தட்ட பூஜ்யம். பட்டியல் ஒன்று, விடை மூன்று.

இந்த மூன்றில் எது ‘சரியான புள்ளியியல் முறை’ என்று தேடுவது தவறான இடத்தில் தேடுவது. மூன்றும் கூட்டல் கழித்தலில் சரிதான். ஒரு கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் வைத்துக்கொண்டு தொடங்குகின்றன, அவ்வளவுதான். அந்தக் கேள்வி இது: புதிய முறை வராமலே இருந்திருந்தால், தொடக்கத்தில் இருந்த அந்த 8 மதிப்பெண் இடைவெளி பத்து வாரத்தில் தானாக என்ன ஆகியிருக்கும்?

பின்தேர்வை மட்டும் ஒப்பிடுபவர் சொல்லாமல் சொல்வது, இடைவெளி தானாகவே பூஜ்யம் ஆகியிருக்கும் என்று. இதை யாரும் நம்ப மாட்டார்கள், எனவே அந்த விடையை இங்கேயே தள்ளிவிடலாம். ஏற்றத்தை ஒப்பிடுபவர், இடைவெளி 8 ஆகவே நீடித்திருக்கும் என்கிறார். உண்மையில் முடிவில் இருந்தது 4. ஆகவே முறையின் பலன் 4. அன்கோவா, இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்கிறது. எவ்வளவு சுருங்கும் என்பதை அது வகுப்புக்குள் இருக்கும் குழந்தைகளிடமிருந்து எடுக்கிறது. ஒரே வகுப்பில் முன்தேர்வில் 10 மதிப்பெண் வித்தியாசம் உள்ள இருவர், பின்தேர்வில் சராசரியாக 6 மதிப்பெண் வித்தியாசத்தில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சாய்வு 0.6. இரண்டு வகுப்புக்கும் இடையிலான 8-க்கும் அதே விதியைப் போட்டால் 8 × 0.6 = 4.8. உண்மையில் இருந்த இடைவெளி 4. மிச்சம் 0.8. அதுதான் மேலே சொன்ன விடை.

R மென்பொருளில் இந்த இரண்டும் ஆளுக்கு ஒரு வரிதான்:

```r
lm(I(post - pre) ~ group)   # ஏற்ற ஒப்பீடு
lm(post ~ pre + group)      # அன்கோவா
```

ஒரு வரியை மாற்றி எழுதினால் தீர்ப்பே மாறிவிடுகிறது. ஃபிரெடெரிக் லார்ட் 1967-இல் இதை ஒரு புதிர் போல எழுதிக் காட்டினார்; இன்றும் லார்டின் முரண் என்றே இதற்குப் பெயர். புதிருக்கு விடை மதிப்பெண் பட்டியலுக்குள் இல்லை. குழந்தைகள் எப்படி இந்த வகுப்புக்கும் அந்த வகுப்புக்கும் வந்து சேர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. அதனால் ஆய்வேடு கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது முடிவுகள் உள்ள பக்கத்தை அல்ல. ‘மாதிரி தேர்வு’ என்ற பத்தியைத்தான். பல நேரம் அங்கே இரண்டே வரி இருக்கும்: இரண்டு பிரிவுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன, ஒன்று சோதனைக் குழு, மற்றது கட்டுப்பாட்டுக் குழு. எந்தப் பிரிவுக்கு எது என்று யார், எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? அதைக் கேட்டு வாங்காமல் மேலே போகக் கூடாது.

முதல் சாத்தியம்: முன்தேர்வு மதிப்பெண்ணையே பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். குறைவாக எடுத்தவர்களுக்குப் புதிய முறையில் முன்னுரிமை கொடுத்தார்கள். இது நல்ல எண்ணத்தோடு நடப்பதுதான். ஆனால் அன்று தலைவலியோடு எழுதியவர், கேள்வியைத் தப்பாகப் படித்தவர், ஊகித்தது எல்லாம் தவறிப்போனவர் என்று, தன் உண்மையான நிலையை விடக் குறைவாக வாங்கியவர்கள் இந்தக் கூட்டத்தில் கூடுதலாக இருப்பார்கள். அடுத்த தேர்வில் அவர்களுக்கு அதே துரதிர்ஷ்டம் வர வேண்டிய அவசியம் இல்லை. யாரும் எதுவும் செய்யாமலே அவர்கள் மேலே வருவார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்பது இதுதான். நம் கணக்கில் 8 தானாக 4.8 ஆகிவிடும், அதாவது ஏற்ற ஒப்பீடு புதிய முறையின் பலன் என்று காட்டிய 4-இல் 3.2 இப்படி வந்தது. இந்தச் சூழலில் அன்கோவாவின் 0.8-தான் நம்பத்தக்க விடை, ஏற்ற ஒப்பீடு ஏமாற்றும்.

பிரித்தது மதிப்பெண்ணை வைத்துத்தானா என்பதை ஓரளவு கண்ணாலேயே பார்க்கலாம். முன்தேர்வு மதிப்பெண்களை வகுப்புவாரியாகப் புள்ளி வைத்து வரையுங்கள். 52-க்குக் கீழே எல்லாரும் ஒரு பக்கம், மேலே எல்லாரும் மறுபக்கம் என்று கத்தியால் வெட்டியதுபோல இருந்தால், கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் இரண்டு வகுப்பிலும் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு, 12 என்று வைத்துக்கொள்வோம். சராசரிகளுக்கு இடையே 8 மட்டும். ஆகவே புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று விழும், வெட்டுக் கோடு தெரியாது. மதிப்பெண் மட்டும் தீர்மானித்த பிரிவாக இது தோன்றவில்லை.

இரண்டாவது சாத்தியம்: வகுப்புகள் இந்த ஆய்வுக்கு வெகு முன்பே, வேறு காரணத்துக்காகப் பிரிந்தவை. விருப்பப் பாடம், கால அட்டவணை, சேர்ந்த தேதி, ஏதோ ஒன்று. அப்போது 48-உம் 56-உம் ஒரு நாள் தேர்வின் தற்செயல் அல்ல, அந்தந்த வகுப்பின் நிலையான இடம். 56 சராசரி உள்ள வகுப்பு 52-ஐ நோக்கி இறங்கி வர எந்தக் காரணமும் இல்லை. இங்கே அன்கோவா போடும் ‘இடைவெளி 4.8 ஆகச் சுருங்கும்’ என்ற ஊகம், ஒரே வகுப்புக் குழந்தைகளிடம் பார்த்ததை இரண்டு வகுப்புகளுக்கு இடையே தூக்கி வைக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் தன் வகுப்பின் சராசரியை நோக்கித்தான் திரும்பும், பக்கத்து வகுப்பின் சராசரியை நோக்கி அல்ல.

இதே காரணத்தால்தான், பலருக்கும் மிகவும் நியாயமாகத் தோன்றும் இன்னொரு வழியான ஜோடி சேர்த்தலும் வழுக்குகிறது. முன்தேர்வில் 52 வாங்கிய ஒருவரை இந்த வகுப்பிலிருந்தும், 52 வாங்கிய ஒருவரை அந்த வகுப்பிலிருந்தும் எடுத்து, சமமானவர்களை ஒப்பிடுகிறோம் என்று திருப்திப்படுவார்கள். அவர்கள் சமமா? தேர்வின் நம்பகத்தன்மை, அதாவது மதிப்பெண் வேறுபாட்டில் தற்செயல் போக உண்மையான பங்கு, 0.8 என்று வையுங்கள். புதிய முறை வகுப்பில் 52 என்பது சராசரியை விட 4 கூடுதல். அதில் உண்மையானது 4 × 0.8 = 3.2. எனவே அவருடைய உண்மை நிலை சராசரியாக 51.2. மற்ற வகுப்பில் 52 என்பது சராசரியை விட 4 குறைவு. அவருடைய உண்மை நிலை 56 − 3.2 = 52.8. தாளில் ஒரே 52, உள்ளே 1.6 மதிப்பெண் வித்தியாசம். புதிய முறை வகுப்புக் குழந்தை ஓட்டம் தொடங்கும் முன்பே பின்னால் நிற்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

அன்கோவாவிலும் இதே ஓட்டை இருக்கிறது. தேர்வில் பிழை இருப்பதால் 0.6 என்ற சாய்வு உண்மையை விடச் சரிவு குறைந்தது. நம்பகத்தன்மையால் வகுத்தால் 0.6 ÷ 0.8 = 0.75. இடைவெளி தானாக 8 × 0.75 = 6 ஆகியிருக்கும், எனவே பலன் 2. முன்பு வந்த 0.8-க்கும் இதற்கும் 1.2 வித்தியாசம். மேலே ஜோடிக்குள் ஒளிந்திருந்த 1.6-ஐ 0.75-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 1.2. ஆனால் ஒரு எச்சரிக்கை: முதல் சாத்தியத்தில், அதாவது தாளில் உள்ள மதிப்பெண்ணை வைத்தே பிரித்திருந்தால், இந்தத் திருத்தம் போடவே கூடாது. அங்கே 0.6-தான் சரி. எப்படிப் பிரித்தார்கள் என்று தெரியாமல் எந்தத் திருத்தமும் போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பள்ளித் திட்டத்தை 1969-இல் மதிப்பிட்ட வெஸ்டிங்ஹவுஸ் அறிக்கை, திட்டத்தால் பலன் மிகக் குறைவு என்று சொன்னது. அதில் ஒப்பீட்டுக் குழந்தைகள் பிற்பாடு தேடி ஜோடி சேர்க்கப்பட்டவர்கள். அடுத்த ஆண்டே டொனால்ட் கேம்பெலும் ஆல்பர்ட் எர்லபாகரும், இப்படி ஜோடி சேர்த்தாலே நல்ல திட்டமும் தீங்கானது போலத் தெரியக்கூடும் என்று எழுதினார்கள். பின்தங்கிய குழந்தைகளுக்கென்று தொடங்கும் முறைகளுக்கு எதிராகவே இந்தப் பிழை சாய்கிறது. அதனால்தான் இதை நான் சின்னத் தொழில்நுட்பக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, இரண்டாவது சாத்தியத்தில் ஏற்ற ஒப்பீட்டின் 4-ஐ அப்படியே ஏற்கலாமா? அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: புதிய முறை இல்லாவிட்டால் இரண்டு வகுப்பும் ஒரே வேகத்தில் ஏறியிருக்கும். இதைச் சோதிக்க ஒரே வழி, இன்னும் பின்னால் போய்ப் பார்ப்பது. முன்தேர்வுக்கு முந்தைய பருவத்தில் இதே அளவுகோலில் ஒரு தேர்வு நடந்திருந்தால் அந்த மதிப்பெண்களைக் கேளுங்கள். பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். ஆய்வாளர் எடுத்திருக்க மாட்டார், அவ்வளவுதான். நம் எடுத்துக்காட்டில் அந்தத் தேர்வும் முன்தேர்வுக்கு ஏறத்தாழ பத்து வாரம் முந்தையது, அதில் புதிய முறை வகுப்பு 44, மற்றது 50 என்று வைத்துக்கொள்வோம். அப்போது இடைவெளி 6. முன்தேர்வில் 8. இடைவெளி சுருங்கவில்லை, விரிந்துகொண்டு போயிருக்கிறது. முன்னே இருப்பவர் மேலும் முன்னே போவது வகுப்புகளில் அடிக்கடி நடப்பதுதான். அதே போக்கு தொடர்ந்திருந்தால் பின்தேர்வில் இடைவெளி 10 ஆகியிருக்கும். ஆனால் அது 4-க்கு வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் பலன் 6.

இந்த மூன்றாவது தேர்வு கையில் வந்ததும் நிலைமை மாறுகிறது. இடைவெளி தானாகச் சுருங்கும் என்ற அன்கோவாவின் ஊகத்துக்குப் பள்ளியின் சொந்தப் பதிவேடே எதிராகப் பேசுகிறது. ஏற்ற ஒப்பீட்டின் 4 மிகையானது அல்ல, குறைவாகக்கூட இருக்கலாம். நுணுக்கமான எந்தக் கணக்கையும் விட, பழைய மதிப்பெண் ஒரு வரிசை இங்கே அதிகம் சொல்கிறது. ஒன்றே ஒன்று: பழைய தேர்வு எளிதாகவோ கடினமாகவோ வேறு அளவுகோலில் இருந்திருந்தால் 6-ஐயும் 8-ஐயும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. இடைவெளியை அந்தந்தத் தேர்வின் திட்ட விலக்கத்தால் வகுத்து ஒப்பிடலாம், அதுவும் கொஞ்சம் தயக்கத்தோடுதான்.

மூன்றாவது சாத்தியம், ஆர்வம் உள்ளவர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள் அல்லது பெற்றோர் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. இதில் முன்தேர்வில் தெரியாத ஒன்று, அந்த ஆர்வம், பத்து வாரமும் வேலை செய்துகொண்டிருக்கும். ஏன் சேர்ந்தார்கள் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே கேட்டுப் பதிந்திருந்தால் ஓரளவு சரிக்கட்டலாம். ஷேடிஷ், கிளார்க், ஸ்டைனர் மூவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் 445 கல்லூரி மாணவர்களை எடுத்து, ஒரு பாதிக்குக் கணிதப் பயிற்சியா சொல்வளப் பயிற்சியா என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள், மறுபாதியைத் தாமே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பயிற்சிக்கு முன்பே விரிவாக அளந்துவைத்த விவரங்களைக் கொண்டு சரிக்கட்டியபோது தாமே தேர்ந்தெடுத்தவர்களின் விடை குலுக்கல் விடைக்கு நன்றாக நெருங்கி வந்தது. வயது, பாலினம் போன்ற கையில் எளிதாகக் கிடைக்கும் விவரங்களால் மட்டும் அது நடக்கவில்லை. எனவே ‘வயது, பாலினம், குடும்ப வருமானம் ஆகியவற்றில் இரு குழுக்களும் சமம்’ என்று ஒரு அட்டவணை போட்டிருந்தால் அதைக் கண்டு ஆறுதல் அடைய வேண்டாம்.

தொடக்க இடைவெளி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஒரு பயன்படும் அளவுகோல் உண்டு. கல்வி ஆய்வுகளின் தரத்தை மதிப்பிடும் அமெரிக்கக் கல்வித் துறையின் வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ், முன்தேர்வு வித்தியாசம் 0.05 திட்ட விலக்கத்துக்குள் இருந்தால் அப்படியே ஏற்கிறது. 0.05-இலிருந்து 0.25 வரை இருந்தால் புள்ளியியல் சரிக்கட்டல் கட்டாயம். 0.25-ஐத் தாண்டினால் குழுக்கள் சமமானவை என்று ஏற்பதில்லை. நம்முடையது 8 ÷ 12 = 0.67. அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கறார்த்தனத்தின் நியாயம் இப்போது தெரிந்திருக்கும்: தொடக்க இடைவெளி சிறியதாக இருந்தால் எந்த ஊகத்தைப் போட்டாலும் விடை அதிகம் மாறாது. 8-க்குப் பதில் 1 இருந்திருந்தால் ஏற்ற ஒப்பீட்டுக்கும் அன்கோவாவுக்கும் இடையே வெறும் 0.4-தான் வித்தியாசம்.

அப்புறம் ஒரு பொதுவான தவறு. புதிய முறை வகுப்பில் முன்தேர்வு 48, பின்தேர்வு 62, ஏற்றம் தற்செயலா என்று பார்க்கும் t சோதனையில் மதிப்பு 8, ஆகவே முறை பயனுள்ளது என்று முடித்துவிடுவார்கள். வழக்கமான முறை வகுப்புக்கும் அதே கணக்கைப் போட்டால் t ஐந்தரைக்கு மேல் வரும். பத்து வாரம் பள்ளிக்கு வந்தால் எல்லாரும் ஏறுவார்கள். ஒரு குழுவுக்குள் போடும் t சோதனை, புதிய முறையைப் பற்றி எதுவும் சொல்லாது.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. இரண்டு வகுப்பு, இரண்டு ஆசிரியர். 74 குழந்தைகள் என்று கணக்கில் போட்டாலே, ஏற்ற ஒப்பீட்டின் 4-க்குக் கூட்டல் கழித்தல் 5 அளவுக்குத் தடுமாற்றம் உண்டு. ஆனால் ஒரே வகுப்பில் உட்காரும் குழந்தைகள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. பள்ளித் தேர்வுகளில் வகுப்புக்குள் ஒற்றுமையின் அளவு 0.2 என்று வைப்பது வழக்கமான ஊகம். வகுப்புக்குச் சராசரியாக 37 பேர் என்பதால், தகவல் எத்தனை மடங்கு குறைகிறது என்பதற்கான கணக்கு 1 + (37 − 1) × 0.2 = 8.2. 74-ஐ 8.2-ஆல் வகுத்தால் 9. ஒன்பது குழந்தைகளின் அளவுக்குத்தான் தகவல். அதைவிட மோசம், குழுவுக்கு ஒரே ஆசிரியர் என்பதால், முறையின் பலனையும் அந்த ஆசிரியரின் திறமையையும் பிரித்துக் காட்ட எந்தக் கணக்காலும் முடியாது. இங்கே அன்கோவாவா ஏற்றமா என்ற விவாதமே இரண்டாம் பட்சம்.

இதற்கு ஆய்வுக்குள்ளேயே ஒரு கைவிளக்கு கிடைக்கலாம். அதே பத்து வாரத்தில் இரண்டு வகுப்புக்கும் வடிவியலும் நடந்திருக்கும், இரண்டிலும் பழைய முறையில். அந்த மதிப்பெண்ணையும் கேளுங்கள். வடிவியலில் தொடக்க இடைவெளி 7, முடிவிலும் 7, பின்னத்தில் மட்டும் 8-இலிருந்து 4 என்றால், ஆசிரியர் பொதுவாகவே கெட்டிக்காரர் என்ற விளக்கம் பலவீனமாகிறது. வடிவியலிலும் 7-இலிருந்து 3-க்கு வந்திருந்தால், எண்கோட்டுக்கு அதில் பங்கில்லை. அந்த ஆசிரியருக்குத்தான் பங்கு.

ஆக, என் முடிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். பிரித்த விதம் எழுதப்படவில்லை, பழைய மதிப்பெண்ணும் இல்லை என்றால், பலன் 0.8-க்கும் 4-க்கும் இடையே எங்கோ, அதையும் ஆசிரியரிடமிருந்து பிரிக்க முடியாது என்று எழுதிக்கொண்டு, இந்த ஆய்வை வைத்து எதையும் மாற்ற மாட்டேன். வகுப்புகள் முன்பே பிரிந்தவை, பழைய தேர்வில் இடைவெளி விரிந்துகொண்டிருந்தது, வடிவியலில் மாற்றமில்லை என்று மூன்றும் ஒத்துவந்தால் ஏற்ற ஒப்பீட்டின் 4-ஐ ஏற்று, அடுத்த பருவத்தில் குறைந்தது எட்டு வகுப்புகளுக்கு விரிவாக்குவேன். எந்த நான்கு வகுப்புக்குப் புதிய முறை என்பதைச் சீட்டு எழுதிக் குலுக்கி எடுப்பேன். மற்ற நான்கு வகுப்புக்கும் அதற்கடுத்த பாடமான தசமங்களில் எண்கோட்டு முறையைக் கொடுத்து, முதல் நான்கைப் பழைய முறைக்கு மாற்றுவேன். அப்படிச் செய்தால் யாருக்கும் மறுக்கப்பட்டதாக இருக்காது, ஒவ்வொரு ஆசிரியரும் இரண்டு முறையிலும் கற்பித்திருப்பார்.